காஸ்ட் 65535 வைத்தும் ரேடியோவிலேயே போகும் டிராஃபிக்

கேள்வி: ஊட்டியில் எங்கள் அலுவலகமும் சர்வர்களும் இருக்கின்றன. கோத்தகிரியில் டீ ஃபேக்டரி. இரண்டுக்கும் நடுவே ஒரு ஜிகாபிட் ஃபைபர். அது அறுந்தால் உதவ, தொட்டபெட்டா பக்கம் ரிலே வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. இரண்டு முனையிலும் ரவுட்டர்கள் வழியைத் தேர்ந்தெடுப்பது ஓஎஸ்பிஎஃப் மூலம். ரேடியோ அடிக்கடி விழுந்து எழும் என்பதால் அதை ஃபேக்டரி நெட்வொர்க்கோடு சேர்த்து ஏரியா 1-இல் போட்டேன். ஃபைபர் ஏரியா 0. ஃபைபர் நன்றாக இருக்கும்போதே ஊட்டியிலிருந்து ஃபேக்டரிக்கு வரும் டிராஃபிக் ரேடியோவில்தான் வருகிறது. ரேடியோவின் காஸ்டை இரண்டு முனையிலும் 1000 ஆக்கினேன், பிறகு 65535 வரை ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. ரவுட்டரில் பழுதா?

பதில்:

ரவுட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் திருகிக்கொண்டிருக்கும் காஸ்ட், இந்த இடத்தில் பார்வைக்கே வரவில்லை. அதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் ஓஎஸ்பிஎஃப் முதலில் பார்ப்பது எது மலிவு என்பதை அல்ல, எந்த வகை வழி என்பதை. 1998-இல் வந்த அதன் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328 இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஒரே ஏரியாவுக்குள்ளேயே முடியும் வழிக்கு முதல் இடம், வேறு ஏரியாவைத் தாண்டிப் போகும் வழிக்கு அடுத்த இடம், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட வழிகள் அதற்கும் பின்னால். ஒரே வகையில் இரண்டு வழிகள் போட்டியிட்டால்தான் காஸ்ட் எடுத்துப் பார்க்கப்படும்.

இப்போது ஊட்டி ரவுட்டரின் இடத்தில் நின்று பாருங்கள். அதற்கு ஏரியா 0-இலும் ஒரு கால், ரேடியோ மூலம் ஏரியா 1-இலும் ஒரு கால். ஃபேக்டரியின் நெட்வொர்க் ஏரியா 1-இல் இருக்கிறது. எனவே ரேடியோ வழி, ஏரியாவுக்குள்ளேயே போய்ச் சேரும் வழி. ஃபைபர் வழியாகப் பார்த்தாலோ, ஏரியா 0-இல் கிளம்பி, கோத்தகிரி ரவுட்டரைத் தாண்டி ஏரியா 1-க்குள் நுழைய வேண்டும். அது ஏரியா தாண்டும் வழி. முதல் சுற்றிலேயே ஃபைபர் வெளியேறிவிட்டது. காஸ்ட் ஆயிரமோ அறுபத்தையாயிரமோ, ரேடியோவுக்குப் போட்டியே இல்லை.

ஏன் இப்படி ஒரு விதி? ஏரியாவுக்குள் ஒவ்வொரு ரவுட்டரிடமும் முழு வரைபடம் இருக்கிறது. எந்த ரவுட்டர் எதோடு எந்த லிங்க்கில் இணைந்திருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏரியா எல்லையைத் தாண்டியதும் வரைபடம் வருவதில்லை, "இந்த நெட்வொர்க்குக்கு என் வழியாக வரலாம், இவ்வளவு செலவாகும்" என்ற சுருக்கம் மட்டும்தான் வருகிறது. முன்னது கண்ணால் கண்டது, பின்னது காதால் கேட்டது. கேட்டதை நம்பி, கண்டதை விட்டால் பாக்கெட்டுகள் ஏரியாக்களுக்கு இடையே வட்டமடிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் கண்டதற்கு முன்னுரிமை. நம் பழமொழியின் மூன்றாவது பாகமான தீர விசாரிப்பது மட்டும் ஓஎஸ்பிஎஃப்பிடம் கிடையாது.

உங்கள் ஊட்டி ரவுட்டரில் இதை நேரடியாகப் பார்க்கலாம். ஃபேக்டரி நெட்வொர்க்கை 10.20.1.0/24 என்றும், ரேடியோவின் கோத்தகிரி முனையை 10.0.0.6 என்றும் வைத்துக்கொள்கிறேன். சிஸ்கோ மாதிரியான கட்டளைகளில் எழுதுகிறேன். வேறு ரவுட்டரானால் சொற்கள் மாறும், நடப்பது மாறாது.

```
show ip route ospf
O   10.20.1.0/24 [110/65536] via 10.0.0.6
```

முன்னால் இருக்கும் `O` ஏரியாவுக்குள் இருக்கும் வழி என்று பொருள். ஏரியா தாண்டும் வழி என்றால் `O IA` என்று வரும். 65536 என்பது நீங்கள் வைத்த 65535-உடன் ஃபேக்டரி நெட்வொர்க்கின் காஸ்ட் 1 சேர்ந்தது. அதாவது உங்கள் காஸ்டை ரவுட்டர் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருக்கிறது, கூட்டியும் வைத்திருக்கிறது. ஆனால் ஒப்பிட எதிரில் யாரும் இல்லை. ஃபைபர் வழி எங்கே என்று கேட்டால், அது ரவுட்டிங் டேபிளில் இல்லை, டேட்டாபேஸில் தூங்குகிறது:

```
show ip ospf database summary 10.20.1.0
```

அதில் ஏரியா 0-க்குக் கீழே கோத்தகிரி ரவுட்டர் அறிவித்த ஒரு பதிவு `Metric: 1` என்று இருக்கும். ஃபைபரின் காஸ்ட் 1-ஐச் சேர்த்தால் மொத்தம் 2. இரண்டை விட்டுவிட்டு 65536-ஐ எடுத்திருக்கிறது ரவுட்டர்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்களோ என்னவோ: எதிர்த்திசை ஒழுங்காகப் போகும். கோத்தகிரியிலிருந்து ஊட்டி சர்வர்களுக்கு டிரேஸ்ரூட் போட்டால் ஃபைபர்தான் காட்டும். சர்வர்கள் ஏரியா 0-இல் இருக்கின்றன, கோத்தகிரி ரவுட்டருக்கு ஃபைபர் மூலம் ஏரியா 0-இல் கால் இருக்கிறது, அந்தத் திசையில் ஃபைபரே ஏரியாவுக்குள் இருக்கும் வழி. ஆகவே ஃபேக்டரியிலிருந்து ஏற்றுவது வேகமாகவும், இறக்குவது மந்தமாகவும் இருக்கும். நான் ஒரு தோட்டத்தில் இதே குறியோடு இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். ஃபேக்டரி முனையிலிருந்து மட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பார்த்து, வழி சரி என்று முடிவு கட்டி, ஃபைபர் கொடுத்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். டிரேஸ்ரூட் போகிற வழியை மட்டும்தான் காட்டும், திரும்பி வரும் வழியைக் காட்டாது. இரண்டு முனையிலிருந்தும் போட்டுப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்களுக்குக் குன்னூரில் ஒரு கிளை இருந்து, அது ஊட்டியோடு ஏரியா 0-இல் ஃபைபரில் இணைந்திருந்தால் வேடிக்கை இன்னும் கூடும். குன்னூர் ரவுட்டர் கோத்தகிரியின் அறிவிப்பைக் கேட்டு, ஃபைபர், ஃபைபர், ஃபேக்டரி நெட்வொர்க் என்று கூட்டி 3 என்று காட்டும். அதன் கணக்கில் முழுவதும் ஃபைபர். பாக்கெட் ஊட்டிக்கு வந்ததும் ஊட்டி தன் கணக்குப்படி அதை ரேடியோவில் ஏற்றிவிடும். குன்னூரில் உட்கார்ந்து எத்தனை முறை ரவுட்டிங் டேபிளைப் பார்த்தாலும் தவறு தெரியாது.

சரி, தீர்வு. இரண்டு ஊருக்கு நடுவே ஒன்றுக்கொன்று மாற்றாக இருக்கும் லிங்க்குகள் இரண்டும் ஒரே ஏரியாவில் இருக்க வேண்டும். அப்போதுதான் காஸ்ட் பேசும். உங்கள் நெட்வொர்க்கில் மிகக் குறைந்த மாற்றம், ரேடியோவை ஏரியா 0-க்குக் கொண்டுவருவது. ஃபேக்டரியின் உள் நெட்வொர்க் ஏரியா 1-இலேயே இருக்கட்டும். அதன் பின் ஊட்டிக்கு இரண்டு வழியுமே ஏரியா தாண்டும் வழிகள், ஒரே வகை, காஸ்ட் குறைந்தது ஜெயிக்கும்.

ரேடியோ விழுந்து எழும் சலசலப்பு ஏரியா 0-க்குள் வரக் கூடாது என்பது உங்கள் கவலை. பெரிய நெட்வொர்க்கில் நியாயமான கவலைதான். நூற்றுக்கணக்கான ரவுட்டர்கள் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு முறை லிங்க் விழும்போதும் எல்லாரும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். பத்துப் பதினைந்து ரவுட்டர் இருக்கும் இடத்தில் இன்றைய ரவுட்டர்களுக்கு அந்தக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. என் கருத்தைக் கேட்டால், இந்த அளவுக்கு ஏரியா 1 என்பதே வேண்டாம், எல்லாவற்றையும் ஏரியா 0-இல் போட்டுவிடலாம். பிடிவாதமாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும் என்றால் ஃபைபரையும் ரேடியோவையும் சேர்த்தே ஏரியா 1-இல் போடுங்கள். ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்பது மட்டும் கூடாது.

இப்போதைய அமைப்பில் இன்னொரு குழியும் இருக்கிறது, அது ஃபைபர் அறுந்த அன்றுதான் தெரியும். கோத்தகிரி ரவுட்டரின் லூப்பேக் முகவரியை, வழக்கம்போல ஏரியா 0-இல் வைத்திருப்பீர்கள். ஃபைபர் போனதும் ஏரியா 0 இரண்டு துண்டாகிவிடுகிறது. கோத்தகிரி அந்த லூப்பேக்கை ரேடியோ வழியாக ஏரியா 1-க்குள் சுருக்கமாக அறிவித்தாலும், ஏரியா 0-இல் ஊட்டிக்கு வேறு அண்டை ரவுட்டரும் இருந்தால் ஊட்டி அதை எடுத்துக்கொள்ளாது. ஏரியா 0-இல் கால் வைத்திருக்கும் எல்லை ரவுட்டர், ஏரியா 0 வழியாக வரும் சுருக்கங்களை மட்டுமே நம்பும் என்பது விதி. விளைவு, ஃபேக்டரி கணினிகளுக்குப் போகும் வழி ஊட்டியிடம் இருக்கும், ஆனால் கண்காணிப்புத் திரையில் கோத்தகிரி ரவுட்டர் செத்துவிட்டதாகக் காட்டும். லூப்பேக் முகவரிக்குள் நுழைந்து சரிசெய்யவும் முடியாது. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு வரும் திசையில் என்ன ஆகும் என்பதோ ரவுட்டர் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ரேடியோவும் ஏரியா 0-க்கு வந்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

இனி காஸ்ட். ஏரியாவைச் சரிசெய்த பிறகுதான் இதற்கு வேலை, ஆனால் சரிசெய்த பிறகு இதை விட்டுவிட்டால் வேறு விதமாக மாட்டிக்கொள்வீர்கள். ஓஎஸ்பிஎஃப் தானாகக் காஸ்ட் கணக்கிடும்போது 100 எம்பிபிஎஸ்ஸை போர்ட்டின் வேகத்தால் வகுக்கிறது. 10 எம்பிபிஎஸ் என்றால் 10, 100 என்றால் 1. ஜிகாபிட்டுக்கு 0.1 வர வேண்டும், ஆனால் ஒன்றுக்குக் கீழே போகாது, ஆகவே அதுவும் 1. அது மட்டுமல்ல, ரவுட்டருக்குத் தெரிவது ரேடியோவின் வேகம் அல்ல, ரேடியோவுக்குப் போகும் கேபிள் சொருகியிருக்கும் போர்ட்டின் வேகம். மலை மேல் காற்றில் 80 எம்பிபிஎஸ் தான் போகிறது என்றாலும் போர்ட் ஜிகாபிட் என்றால் அதுவும் 1. காஸ்டைக் கையால் வைக்காமல் விட்டால் ஃபைபரும் ரேடியோவும் சமம் என்று முடிவாகி, டிராஃபிக் இரண்டிலும் பிரிந்து போகும். ஒரே மேசையில் ஒருவருக்கு பில்லிங் சிட்டாகப் பறக்க, பக்கத்தில் இருப்பவருக்கு ஊர்ந்து வந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

நான் செய்வது இது. வகுக்கப்படும் எண்ணை எல்லா ரவுட்டரிலும் 100000 எம்பிபிஎஸ் ஆக்குவேன். அப்போது ஜிகாபிட் 100, பத்து ஜிகாபிட் 10 என்று வித்தியாசம் தெரியும். ரேடியோவுக்கு அதன் உண்மையான வேகத்தைக் கொண்டு கையால் கணக்கிடுவேன்: 100000-ஐ 80-ஆல் வகுத்தால் 1250. பெட்டியில் அச்சடித்த வேகத்தை எடுக்காதீர்கள். மழை நாளில் இரண்டு முனைக்கும் நடுவே சோதித்துக் கிடைத்த வேகத்தை எடுங்கள். மூடுபனிதான் ரேடியோவைக் கெடுக்கிறது என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மூடுபனி ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. குறுக்கே வளர்ந்து நிற்கும் சில்வர் ஓக் நனைந்தால் அது செய்யும்.

ஊட்டி ரவுட்டரில் இப்படி:

```
router ospf 1
 auto-cost reference-bandwidth 100000
!
interface GigabitEthernet0/0/0
 description FIBRE
 ip ospf network point-to-point
 ip ospf 1 area 0
!
interface GigabitEthernet0/0/1
 description RADIO
 ip ospf network point-to-point
 ip ospf 1 area 0
 ip ospf cost 1250
```

கோத்தகிரியிலும் இதே. காஸ்ட் என்பது அந்த இன்டர்ஃபேஸ் வழியாக வெளியே போகும் டிராஃபிக்குக்கு மட்டும்தான். ஒரு முனையில் வைத்து மறுமுனையை மறந்தால், ஒரு திசை ஃபைபரிலும் மறு திசை ரேடியோவிலுமாக மறுபடியும் பழைய நோய்க்கே திரும்புவீர்கள். நீங்கள் இரண்டு முனையிலும் வைத்ததாகச் சொல்லியிருப்பதால் அதை நீட்டவில்லை.

இப்போது ஊட்டியின் கணக்கு: ஃபைபர் 100, ஃபேக்டரி நெட்வொர்க் 100, மொத்தம் 200. ரேடியோ வழி 1250, அதோடு 100, மொத்தம் 1350. நாளைக்குக் குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கும் ஃபைபர் இழுத்தீர்கள் என்றால் குன்னூர் சுற்று 300 ஆகும். நேர் ஃபைபர் அறுந்தால் டிராஃபிக் முதலில் குன்னூர் வழியாகத் திரும்பும், அதுவும் போனால்தான் ரேடியோ. ரேடியோவுக்கு 150 என்று ஏதோ ஓர் எண்ணை வைத்திருந்தால் குன்னூர் ஃபைபரை விட்டுவிட்டு ரேடியோவுக்குத் தாவியிருக்கும். ஃபைபரைவிட ரேடியோ காஸ்ட் கூடுதலாக இருந்தால் போதாது, ஒவ்வொரு ஃபைபர் சுற்றுவழியின் கூட்டுத்தொகையையும்விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

மாற்றும்போது வரிசை முக்கியம். கோத்தகிரிக்குள் ஃபைபர் வழியாக, ஃபைபர் இன்டர்ஃபேஸின் முகவரியிலேயே நுழையுங்கள். பிறகு ஊட்டி முனையில் ரேடியோ போர்ட்டை மட்டும் `shutdown` செய்யுங்கள். ரவுட்டிங் டேபிளில் அதே நெட்வொர்க் `O IA` என்று மாறி ஃபைபருக்கு வந்து, காஸ்ட் 2 காட்ட வேண்டும். நான் மேலே சொன்ன நோயறிதல் சரிதான் என்பதற்கு இதுவே சான்று. பிறகு இரண்டு முனையிலும் ஏரியாவை மாற்றுங்கள். பழைய கான்ஃபிகில் `network` வரி மூலம் ஏரியா 1 கொடுத்திருந்தாலும் இன்டர்ஃபேஸில் எழுதியதே செல்லும், ஆனாலும் அந்த வரியை நீக்கிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து வருபவர் குழம்ப வேண்டாம். கடைசியாக `no shutdown`. ஒரு முனையில் ஏரியா 0, மறுமுனையில் 1 என்று விட்டுப்போனால் இரண்டு ரவுட்டரும் அண்டை என்றே ஒன்றையொன்று ஏற்காது, `show ip ospf neighbor` வரிசையில் அந்த ரேடியோ இருக்காது.

அண்டை தெரிகிறது, ஆனால் `FULL` ஆகாமல் `EXSTART`-இலேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் இரண்டு முனையின் எம்டியூ, அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு, ஒத்துப்போகவில்லை. எம்டியூவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டு மூடாதீர்கள். ரேடியோ பெட்டிகள் உள்ளுக்குள் சிறிய பாக்கெட்டை மட்டும் கடத்துவது உண்டு; `ping 10.0.0.6 size 1500 df-bit` என்று போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஃபைபர் அறுந்ததை ரவுட்டர் எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பது மீதி. ரவுட்டரிலேயே ஃபைபர் நேராகச் சொருகியிருந்தால் ஒளி போனதும் போர்ட் விழும், மாற்றம் உடனே நடக்கும். நடுவில் மீடியா கன்வர்ட்டர் இருந்தால், கோத்தகிரி சாலையோரம் பொக்லைன் கேபிளைத் தோண்டி எடுத்த பிறகும் ரவுட்டருக்கும் கன்வர்ட்டருக்கும் இடையிலான செம்புக் கம்பி உயிரோடு இருக்கும், போர்ட் பச்சை விளக்கு எரியும். பக்கத்து ரவுட்டரின் ஹலோ வரவில்லை என்று ஓஎஸ்பிஎஃப் முடிவுக்கு வர, இயல்பான அமைப்பில் 40 விநாடி ஆகும். அதுவரை பாக்கெட்டுகள் பள்ளத்தில். இதற்குப் பிஎஃப்டி வையுங்கள், ஃபைபர் இன்டர்ஃபேஸில் மட்டும், இரண்டு முனையிலும்:

```
interface GigabitEthernet0/0/0
 bfd interval 300 min_rx 300 multiplier 3
 ip ospf bfd
```

300 மில்லி விநாடிக்கு ஒரு முறை தட்டிப் பார்த்து மூன்று முறை பதில் வராவிட்டால், அதாவது ஒரு விநாடிக்குள், லிங்க் போனதாக அறிவித்துவிடும். ரேடியோவில் இதைப் போடாதீர்கள். காற்றில் அசையும் டிஷ் ஒரு விநாடி கண் மூடினாலும் லிங்க் விழுந்ததாகக் கணக்காகும், அப்புறம் நீங்கள் பயந்த சலசலப்பை நீங்களே வரவழைத்ததாகிவிடும். ரேடியோவில் 40 விநாடி இருப்பதால் நஷ்டமில்லை, ஃபைபர் இருக்கும்வரை அதில் யாரும் பயணம் செய்வதில்லையே.

ஒன்றை மட்டும் காஸ்ட்டிடம் எதிர்பார்க்காதீர்கள். ஃபைபர் அறுபடாமல், மோசமான ஸ்பிளைஸால் நூற்றுக்கு ஐந்து பாக்கெட் தொலைந்துகொண்டிருந்தால் ஓஎஸ்பிஎஃப் அதைப் பார்க்காது. ஹலோ பாக்கெட்டுகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், காஸ்ட் 100 தான், டிராஃபிக் அங்கேயேதான். அதற்கு இன்டர்ஃபேஸின் பிழை எண்ணிக்கையைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும். அதேபோல ஜிகாபிட்டில் ஓடியதெல்லாம் 80 எம்பிபிஎஸ்ஸுக்குள் வந்து இறங்கும்போது எதை முதலில் விடுவது என்பதும் ஓஎஸ்பிஎஃப்பின் வேலை அல்ல. ஃபேக்டரியின் கேமரா பதிவு ஊட்டிக்கு வருகிறது என்றால், கோத்தகிரியின் ரேடியோ போர்ட்டில் வேகத்தை 80 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுப்படுத்தி, வேறொரு வரிசை அமைத்து அதைப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இலை வரத்து குறைந்த ஒரு நாளில், ஊட்டியிலிருந்து ஃபேக்டரி கணினி ஒன்றுக்கு ஓயாமல் பிங் ஓடவிட்டு, கன்வர்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபைபரை உருவுங்கள். ரவுட்டர் போர்ட்டை உருவினால் சோதனை ஆகாது, அது எப்படியும் உடனே தெரிந்துவிடும். மூன்று நான்கு பிங் தவறி, பிறகு சற்றுக் கூடுதலான நேரத்தோடு தொடர வேண்டும். அப்போது ரவுட்டிங் டேபிள் 1350 காட்டும். நாற்பது பிங் தவறினால் பிஎஃப்டி ஒரு முனையில் இல்லை. அந்த நிலையிலேயே கோத்தகிரியின் லூப்பேக்கையும் ஒருமுறை பிங் செய்துவிட்டு ஃபைபரைத் திரும்பச் சொருகுங்கள்.